போனைக் குறை சொல்லும் முன் மெமரி கார்டைக் கழற்றிப் பாருங்கள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். நம் தெருவில் ஒரு அக்காவின் போனுக்கு வந்த கோளாறு அது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

ஒரு நாள் மாலை வந்து, "தம்பி, போன் தானா அணைஞ்சி அணைஞ்சி வருது. போட்டோவைத் திறந்தா மூடிக்கிது" என்றார். கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே போனை முழுக்க அழித்து ரீசெட் செய்தார்கள். அன்று இரவே மறுபடியும் அதே கோளாறு. "ரீசெட் பண்ணியும் சரியாகலைன்னா போர்டு போச்சு" என்று சொல்லி, போர்டு மாற்ற ஒரு பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள்.

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரீசெட் செய்யும்போது போனின் உள் நினைவகம்தான் அழிகிறது. தனியாகச் செருகிய மெமரி கார்டு சாதாரணமாக அப்படியே இருக்கும். கெட்டது கார்டாக இருந்தால், நூறு முறை ரீசெட் செய்தாலும் கோளாறு திரும்ப வரும். அதனால் ரீசெட்டுக்குப் பிறகும் கோளாறு தொடர்ந்தால், போர்டுக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியது கார்டை.

"ஒரு சின்ன கார்டு முழு போனையும் எப்படி அணைக்கும்?" என்று அக்கா கேட்டார். போன் ஆன் ஆனதும், கார்டில் என்னென்ன படம், பாட்டு இருக்கிறது என்று ஆண்ட்ராய்டு தானாகவே தேடிப் பட்டியல் போடும். கெட்டுப்போன இடத்தைப் படிக்கப் போகும்போது கார்டு பதில் சொல்லாது. கேலரி காத்திருந்து காத்திருந்து மூடிக்கொள்ளும். சில நேரம் போனின் அடிப்படை வேலைகளே அந்தப் பதிலுக்காக நின்றுபோகும். அப்படி நின்றுபோனதைக் கண்டால் மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு ஆண்ட்ராய்டுக்குள் இருக்கிறது. இன்னொன்று, கார்டின் தொடர்பு நடுவில் விட்டுப்போனால், அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயலியை ஆண்ட்ராய்டே மூடிவிடும். பார்க்கிற நமக்கு செயலி கெட்டது போலத் தெரியும்.

அக்காவின் போனில் இதற்கு அடையாளம் இருந்தது. ஆன் செய்த சில நிமிடங்களுக்குள்தான் அணையும். கேலரியில் மற்ற படங்களெல்லாம் ஒழுங்காக ஓடும். பழைய ஆல்பம் ஒன்றுக்குப் போனால் மட்டும் மூடிக்கொள்ளும். பேசும்போது ஒரு தொல்லையும் இல்லை. எந்த நேரத்தில், எதைத் தொட்டால் கோளாறு வருகிறது என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது கழற்றிப் பார்க்கும் சோதனை. ஆனால் எடுத்தவுடன் ட்ரேயைப் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் Settings-க்குள் Storage என்பதைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல், சில போன்களில் கார்டை உள் நினைவகத்தின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் செயலிகளே கார்டில் இருக்கும். கழற்றினால் அவை இயங்காது. அந்தக் கார்டைப் படிக்கும் சாவியும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. வேறு எதிலும் செருகிப் படிக்க முடியாது. போனை ரீசெட் செய்தால் சாவியும் போய்விடும். அப்படிப்பட்ட கார்டு என்றால், தரவைப் போனுக்கு நகர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம்.

அக்காவுடையது சாதாரணமாகச் செருகிய கார்டு. Storage பக்கத்தில் Eject (சில போன்களில் Unmount) கொடுத்தோம். போனை அணைத்தோம். ட்ரேயை வெளியே எடுத்து, கார்டை மட்டும் நீக்கி, சிம்மை அதே இடத்தில் வைத்து மூடினோம். பிறகு வழக்கம்போலப் பயன்படுத்தச் சொன்னேன்.

எத்தனை நாள் பார்க்க வேண்டும்? அது கோளாறு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைப் பொறுத்தது. அக்காவின் போன் ஒரு நாளைக்கு நாலைந்து முறை அணைந்தது. அதனால் 2 நாள் போதும். வாரத்துக்கு ஒரு முறை அணைகிற போனை ஒரு நாள் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரம் பார்க்க வேண்டும்.

2 நாளும் போன் ஒரு முறைகூட அணையவில்லை. அதோடு நிறுத்தாமல் கார்டைத் திரும்பப் போட்டோம். அரை மணி நேரத்தில் பழையபடி அணைந்தது. பிறகு என்னிடம் இருந்த நல்ல கார்டு ஒன்றைப் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. கார்டு செருகும் இடமும் நன்றாக இருக்கிறது, கெட்டது அந்தக் கார்டுதான் என்று அப்போதுதான் உறுதியானது. கார்டு இல்லாமலும் போன் அணைந்தால் கார்டு நிரபராதி. பேட்டரி, நிரம்பிப்போன உள் நினைவகம், புதிதாக ஏற்றிய செயலி என்று அடுத்த பக்கம் தேட வேண்டும்.

போன் பிழைத்துவிட்டது என்றதும் அக்கா சிரிக்கவில்லை. "அதுல இருக்கிற போட்டோ?" என்றார். அந்தக் கார்டு போனுக்குப் போன் மாறி வந்த பழைய கார்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்துப் போன பிறகு, கொல்லையில் சாய்ந்து கிடந்த பலா மரத்தின் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் நிற்கும் படம் அதில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. வேறு எங்கும் அந்தப் படம் கிடையாது.

கார்டை ரீடரில் வைத்து கம்ப்யூட்டரில் செருகினேன். "You need to format the disk" என்று திரையில் கேட்டது. இந்த இடத்தில் அவசரப்பட்டு சம்மதம் கொடுப்பவர்கள்தான் அதிகம். கொடுக்கக்கூடாது, Cancel. கெட்ட கார்டில் எதையும் எழுதக்கூடாது, பழுது பார்க்கும் கட்டளைகளையும் ஓட்டக்கூடாது. அவையும் கார்டில் எழுதும். முதலில் படித்து எடுப்பது மட்டும்தான். PhotoRec என்ற இலவச மென்பொருள் கோப்புப் பட்டியல் சிதைந்திருந்தாலும் படங்களைத் தேடி எடுக்கும். எடுப்பதைக் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. கோப்பின் பழைய பெயர்கள் திரும்ப வராது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ராத்திரி முழுக்க ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்தன. சில படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பலா மரப் படமும் அப்படித்தான்: மரம் பாதியோடு மறைந்துவிட்டது. அவர் முகம் மேல் பாதியில் இருந்ததால் தப்பித்தது. அக்கா அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு கார்டை பார்மட் செய்து பார்த்தேன். முடிந்தது என்று சொன்னது. கழற்றித் திரும்பச் செருகினால் பழைய கோப்புகள் அப்படியே நிற்கின்றன. எழுதும் திறன் போய்விட்ட கார்டு இப்படித்தான் நடந்துகொள்ளும். அதை யாரும் சரிசெய்ய முடியாது. பார்மட்டை ஏற்றுக்கொள்ளும் கார்டாக இருந்தாலும், உடனே நம்பிவிடாதீர்கள். H2testw என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு பிழை காட்டினாலும் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்கும் கார்டையும் இதே போல ஒரு முறை சோதியுங்கள். மேலே 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் சிறு பகுதி மட்டும் இருக்கும் போலிகள் விற்பனையில் உண்டு. நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் அதில் காணாமல் போகும்.

அக்கா போர்டு மாற்றவில்லை. அதே போனில்தான் இன்றும் பேசுகிறார். படங்கள் மகன் கம்ப்யூட்டரில் ஒன்றும், பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் போன் ட்ரேயில் இருக்கும் கார்டு எந்த வருடம் வாங்கியது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், அதில் இருப்பதை இந்த வாரமே வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.