படம் தெளிவாகப் போய்ச் சேர



சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காகப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 42 பேரை, வரிசைக்கு 14 பேராக நிற்க வைத்துப் படம் எடுத்தோம். எடுத்த ஆசிரியர் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். தொலைபேசியில் இடமில்லை என்று தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார். ஏ4 தாளில் அச்சாகி வந்தபோது, பின்வரிசைப் பிள்ளைகளின் முகம் அடையாளமே தெரியவில்லை.

காரணம் இதுதான். கேமரா எடுத்தது 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம். வழக்கம்போல் படமாகப் பகிரும்போது செயலி அதை நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருக்கிவிடுகிறது. மொத்தப் புள்ளிகளில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1600ஐ 14 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 114 புள்ளிகள். அதிலும் முகத்துக்குப் பாதிகூட வராது. HD என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் பெரிதாகப் போகும். ஆனாலும் அது மூலப்படம் அன்று.

மூலப்படமே போக வேண்டுமானால் அதைக் கோப்பாக அனுப்புங்கள். உரையாடலில் இணைப்புக் குறியைத் தொட்டு, Gallery என்பதை விட்டு Document என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் கேமரா படங்கள் பெரும்பாலும் DCIM கோப்புறைக்குள் Camera என்பதில் இருக்கும். அங்கிருந்து படத்தைத் தேர்ந்து அனுப்புங்கள். காணொலிக்கும் இதே வழிதான். 2 ஜிபி வரை அனுப்பலாம்.

சரியாகப் போனதா என்று எப்படி அறிவது? கோப்பின் அளவைப் பாருங்கள். உங்களிடம் 4 எம்பி இருந்தது அவரிடமும் 4 எம்பி இருக்க வேண்டும். சில நூறு கேபி என்றால் சுருங்கிவிட்டது. பெயரில் IMG-20250210-WA0007 என்பதுபோல் WA இருந்தால், அது ஏற்கெனவே வாட்ஸ்அப் வழியாக வந்த படம். அதைக் கோப்பாக அனுப்பியும் பயனில்லை. இழந்த புள்ளிகள் திரும்பி வரா. எடுத்தவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடத்தின் விவரமும் கோப்புக்குள் பதிந்திருக்கும். படமாகப் பகிரும்போது அது நீங்கிவிடும்; கோப்பாக அனுப்பினால் கூடவே போகும். எனவே பிள்ளைகளைப் படமெடுக்கும் முன் கேமரா அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். கோப்பை அச்சகத்தாருக்கு மட்டும் அனுப்புங்கள். குழுக்களில் போட வேண்டாம்.

இந்த ஆண்டு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மலர் அச்சாகிக் கைக்கு வரும்வரை, எடுத்தவர் மூலப்படத்தை அழிப்பதில்லை. சென்ற ஆண்டுப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அந்த 42 பேரையும் இனி ஒரே இடத்தில் நிறுத்திப் படமெடுக்க எங்களால் முடியாது.