எண்ணில் எழுதுவது பயனே

நடுவர் அவர்களே, எதிரணியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கமிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஆசிரியர் வேலை, கிராணி வேலை. இவற்றில் செய்ததை எண்ணில் எழுதுவது பயனா, பாசாங்கா? ‘பயனே’ என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விஷயம் தெரிந்தவர். 1862இல் இங்கிலாந்தில் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுத்த கதையைச் சொன்னார். அங்கே பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்து, அதிகாரி முன்னால் வாசிப்பதுபோல் ஒப்பித்தார்கள். நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். காலத்தில் எத்தனை பேர் 7 ஏ என்று பேனர் கட்டினோம்; ‘சி’க்கும் ‘டி’க்கும் நடுவில் திண்டாடிய பிள்ளையை யாரும் பேனரில் போடவில்லை. 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஐயா சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் குற்றம் சாட்டியது பிள்ளை முடித்த இடத்தை மட்டும் எண்ணிய எண்ணை. பிள்ளை தொடங்கிய இடத்தை யாரும் எண்ணவில்லை, ஐயா. என் வாதமே அங்கேதான் தொடங்குகிறது.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்.கே.தி. பாரம் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கு எழுத வேண்டும். அளவு, தரம், நேரம், செலவு என்று எதனால் அளப்பது என்பதையும் எழுத வேண்டும். நம் டீச்சர்மார் தங்கள் மதிப்பீட்டுப் பாரத்தில் என்ன எழுதுகிறார்கள்? ‘பயிற்சித்தாள் 40, கூட்டம் 12.’ இதைத்தான் நான் பாசாங்கு என்பேன். 40 தாள் அச்சடித்தது ஜெராக்ஸ் மெஷினின் சாதனை!

சரி, எப்படி எழுதுவது? இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 பிள்ளைகள். பள்ளி திறந்த முதல் வாரம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, நாலு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று எழுத்தை எல்லாம் சொல்லும் பிள்ளைக்கு ‘மரம்’ என்று சேர்க்க வராது. இன்னொன்று ‘கொ’ வந்ததும் நின்றுவிடும். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், எதை முதலில் சொல்வது என்று அதற்குக் குழப்பம். அப்படி 9 பேர் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆண்டு முடிவில் அதே அளவுள்ள வேறொரு பத்தியைக் கொடுங்கள். அதே பத்தி வேண்டாம், இங்கிலாந்துக் கதை நம் வகுப்பிலேயே நடந்துவிடும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே லூமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. அப்பாவுக்கு சபாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளையும் பாதி ஆண்டில் போய்விடும். 9 பேரில் 2 பேர் அப்படிப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 பேரில் 5 பேர் நிற்காமல் வாசிக்கிறார்கள். உடனே டீச்சருக்குக் கை அரிக்கும், ‘71 விழுக்காடு வெற்றி’ என்று எழுத. எழுதாதீர்கள். 7 பேர் கணக்கில் ஒரு பிள்ளை ஏறினாலும் இறங்கினாலும் 14 புள்ளி ஆடும். ‘9 பேரில் 2 பேர் மாற்றலாகினர், மீந்த 7 பேரில் 5 பேர் வாசிக்கிறார்கள், அந்த 5 பேரில் 3 பேர் குறைநீக்கல் வகுப்புக்கும் போனார்கள்’ என்று முழுதாக எழுதுங்கள். குறைநீக்கல் ஆசிரியரின் பங்கை விழுங்காமல் எழுதும்போதுதான் பாரத்தைப் படிப்பவர் மற்ற எண்களையும் நம்புவார்.

அடுத்தது கிராணி. பள்ளி அலுவலகக் கிராணிக்கு எண்ணே கிடையாது என்று எதிரணியில் ஒரு தம்பி உருகினார். தம்பி, அரசாங்க நிதி விதியில் பில் கைக்கு வந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மேசையிலேயே எண் இருக்கிறது! மூன்று மாதத்தில் வந்த பில் 60, 14 நாளுக்குள் முடிந்தது 51, தாமதம் 9, அதில் 6 பில்லில் கடைக்காரர் ஆர்டர் எண்ணை எழுதவில்லை என்று எழுதலாமே. அடுத்த மூன்று மாதம் கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே போன் போட்டு அந்த 6ஐ 1 ஆக்கினால், அது அந்தக் கிராணியின் சாதனை.

இங்கே திருட்டுத்தனம் நடக்காதா? நடக்கும். பில் வந்த அன்று முத்திரை குத்தாமல் டிராயரில் போட்டுவைத்து, பணம் கொடுக்கத் தயாரான பிறகு ‘பெறப்பட்டது’ என்று குத்துவார்கள். காகிதத்தில் எல்லாம் 14 நாளுக்குள் அடங்கிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கடைக்காரர் பில்லில் போட்ட தேதியையும் முத்திரைத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக மூன்று நாலு நாள் இடைவெளி இருந்த இடத்தில் இருபது நாள் வந்தால் டிராயரைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏமாற்றலாம் என்பதற்காக எண்ணையே வேண்டாம் என்பதா? ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாலை எடை போட்டுக் கூலி கணக்கிட்டால் பாலில் தண்ணீர் சேர வழியுண்டு. அதற்காகத் தராசைத் தூக்கிப் போட்டார்களா? மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்தார்கள். ஓர் எண்ணுக்குக் காவலாக இன்னோர் எண். வேடிக்கை என்னவென்றால், தோட்டம் முழுவதும் யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்று எழுதிய கிராணியார், தாம் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிவைத்ததில்லை.

எதிரணி அக்கா ஒருவர், “அன்பை எந்தக் கோலால் அளப்பீர்கள்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பாதி சரி, அக்கா. அன்பை அளக்க முடியாது. பாரத்தில் அன்புக்குக் கட்டமும் இல்லை. ஆனால் அன்பாக இருந்த டீச்சரிடம் படித்த பிள்ளை ஆண்டு முடிவில் ‘கொ’வைத் தாண்டியதா என்று கேட்பது அன்புக்கு அவமானமா?

இடைவேளையில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “எண்ணை வைத்துச் சம்பளம் வெட்டவா சொல்கிறீர்கள்? என் மகள் பாலர் பள்ளியில் இருக்கிறாள், ஏற்கெனவே சம்பளம் குறைவு” என்றார். இல்லையம்மா. எண்ணில் சம்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டால் எண் பொய் பேசத் தொடங்கும். தலைமையாசிரியர் ஐயாவின் 1862 அதற்குச் சாட்சி. உங்கள் மகள் வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது ‘பொறுப்புடன் பணியாற்றினேன்’ என்பதற்குப் பதில், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, வந்தபோது எத்தனை பேருக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை, போகும்போது எத்தனை பேர் தங்கள் பெயரை எழுதினார்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஓர் இடத்தில் என்னிடம் பதில் இல்லை. கட்டொழுங்கு ஆசிரியர் பேசிப் பேசி ஒரு பையனைப் பள்ளியை விட்டு ஓடாமல் நிறுத்திவைக்கிறார். அவர் பேசாவிட்டாலும் அவன் இருந்திருப்பானா? யாருக்குத் தெரியும்? நடக்காமல் போனதை எண்ண எனக்கு வழி தெரியவில்லை. அந்த ஒரு புள்ளியை எதிரணிக்கே கொடுங்கள், நடுவர் அவர்களே.

மற்றதற்கெல்லாம் ‘பயனே’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மதிப்பீட்டுப் பாரம் கைக்கு வரும்போது இலக்கை அப்புறம் எழுதலாம், முதல் வாரத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை முதலில் எழுதுங்கள்.