இந்தக் காணொலியை வெட்டி ஒட்டலாமா?



தாயில்பட்டிப் பிள்ளைகளுக்குப் பட்டாசின் வண்ணம் புதிதல்ல. அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால் வருகிறது, பச்சை பேரியத்தால் வருகிறது என்று விளக்க ஓர் ஆசிரியர் நான்கு நிமிடக் காணொலி தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுடர் சோதனைக் காட்சி இருபது விநாடி, வாணவேடிக்கைக் காட்சி பத்து விநாடி அவருக்கு யூடியூபிலிருந்து வேண்டும். தம் குரலில் விளக்கம் சேர்த்துப் பள்ளியின் சேனலில் ஏற்றப்போகிறார்.

வகுப்பில் அந்தக் காணொலிகளைப் போட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் சிக்கல் இல்லை. இணைப்பைத் திறந்து காட்டலாம், பெற்றோர் குழுவுக்கு இணைப்பை அனுப்பலாம். நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(j) பிரிவு, பள்ளி நடவடிக்கையாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன் படம் காட்டுவதற்கு இடம் தருகிறது. வெட்டி எடுத்து, நம்முடையதோடு ஒட்டி, ஊரறிய மறுபடி ஏற்றுவது வேறு. அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். ‘பத்து விநாடிக்குக் கீழே என்றால் பரவாயில்லை’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோமே, அப்படியொரு விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை. ‘கல்வி நோக்கத்திற்காக மட்டும்’ என்று கீழே எழுதிவிடுவதும் அனுமதி ஆகாது.

அனுமதி இருக்கிறதா என்பதைக் கணினி உலாவியில் பாருங்கள். காணொலிக்குக் கீழே உள்ள விளக்கக் குறிப்பில் `...more` என்பதைச் சொடுக்கிக் கடைசி வரை இறங்குங்கள். `License` என்ற சொல்லுக்கு அருகே `Creative Commons Attribution license (reuse allowed)` என்று இருந்தால் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் வழக்கமான யூடியூப் உரிமம் என்று கொள்ளுங்கள். ஏற்றுபவர் எதையும் மாற்றாவிட்டால் தானாக அமைவது அதுதான். அதில் பார்க்கலாம், இணைப்பைப் பகிரலாம். வெட்டி ஒட்டக் கூடாது. தேடும்போதே `Filters` சென்று `Creative Commons` என்பதைத் தேர்ந்தால் வேலை பாதியாகும்.

2011 முதல் யூடியூபில் உள்ள இந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒரே வகைதான். ஆக்கியவர் பெயரைச் சொன்னால் போதும்; வெட்டலாம், மொழி மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பெயர் சொல்வது என்றால் ‘நன்றி: யூடியூப்’ அல்ல. நம் ஆசிரியர் தம் காணொலியின் விளக்கத்தில் மூலக் காணொலியின் தலைப்பு, சேனலின் பெயர், இணைப்பு, உரிமத்தின் பெயர், ‘இருபது விநாடி வெட்டி, தமிழ்க் குரல் சேர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். கோப்பை எடுப்பதில் ஒரு தடை உண்டு. உரிமம் இடம் கொடுத்தாலும், யூடியூபின் விதிகள் வெளிச் செயலிகளால் பதிவிறக்குவதை ஏற்பதில்லை. ஆகவே சேனல்காரருக்கு எழுதிக் கோப்பைக் கேட்பதே நல்லது. விக்கிமீடியா காமன்ஸில் அதே காணொலி இருந்தால் அங்கிருந்து நேரடியாக இறக்கலாம்.

அந்த வரியைக் கண்டவுடன் நம்பிவிடவும் கூடாது. நம் பகுதியில் வெடிவிபத்து நடந்தால் தொலைக்காட்சிச் செய்தியை யாரோ பதிவு செய்து தம் சேனலில் ஏற்றி, கிரியேட்டிவ் காமன்ஸ் என்று குறித்துவிடலாம். தமக்குச் சொந்தமில்லாததற்கு அவர் அனுமதி தர முடியாது. மூலையில் வேறு நிறுவனத்தின் முத்திரை, பின்னணியில் திரைப்பாடல், ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூறு காட்சிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். சுடர் சோதனையைத் தம் ஆய்வகத்தில் தாமே செய்து காட்டுபவரின் காணொலி பாதுகாப்பானது.

உரிமையாளர் புகார் செய்தால் காணொலி நீக்கப்பட்டுச் சேனலுக்கு எச்சரிக்கை விழும். 90 நாள்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே மூடப்படலாம். நம் ஆசிரியர்கள் ஏற்றிய மற்றப் பாடங்களும் அதோடு போகும். இன்று கிரியேட்டிவ் காமன்ஸாக இருப்பதை ஏற்றியவர் நாளை வழக்கமான உரிமத்துக்கு மாற்றவும் கூடும். முன்பே எடுத்துப் பயன்படுத்தியவரின் உரிமை அதனால் போகாது. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பதைக் காட்ட வேண்டுமே! உரிம வரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக் கோப்பில் வையுங்கள். விக்கிமீடியா காமன்ஸிலும் யூடியூபிலிருந்து வரும் காணொலியின் உரிமத்தை இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து உறுதி செய்வது இதற்காகத்தான்.

நாம் ஏற்றும்போதும் `License` என்ற இடத்தில் இதே தேர்வு வரும். ஆசிரியரின் குரலும் கரும்பலகையும் மட்டும் உள்ள பாடத்துக்குத் தாராளமாகக் கிரியேட்டிவ் காமன்ஸ் கொடுங்கள். அடுத்த மாவட்டத்து ஆசிரியர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் முகமோ, பட்டாசுத் தொழிலாளியான தாயின் பேச்சோ உள்ள காணொலிக்குக் கொடுக்காதீர்கள். இந்த உரிமம் ஆக்கியவரின் பதிப்புரிமையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. படத்தில் இருப்பவரின் சம்மதத்தை அது தருவதில்லை. அந்த முகத்தை யாரும் வெட்டித் தம் விளம்பரத்தில் ஒட்டினால், ‘அனுமதித்துத்தானே வைத்திருந்தீர்கள்’ என்று நம்மையே கேட்பார்கள்.