110 ரூபாவில் கையில் மிஞ்சுவது எவ்வளவு?
(மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடைகளில் சொப்பிங் பேக் இலவசமாகக் கொடுப்பது நின்றபின், டவுனிலுள்ள ஒரு கடைக்காரர் எங்கள் தையல் குழுவிடம் 500 துணிப் பை கேட்டார். ஒன்றுக்கு 110 ரூபா தருவதாகச் சொன்னார். உடனே தலையாட்டத்தான் நினைத்தோம்.

எங்கள் முதல் கணக்கு இதுதான். துணி ஒரு கெஜம் 180 ரூபா. ஒரு கெஜத்தில் மூன்று பை வெட்டலாம். அப்படியானால் ஒரு பைக்குத் துணி 60 ரூபா, மீதி 50 ரூபா எங்களுக்கு.

ஒப்புக்கொள்வதற்கு முன் பத்துப் பை தைத்துப் பார்த்தோம். அப்போதுதான் விட்டுப்போனது தெரிந்தது. கைப்பிடியை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்கு மட்டும் 20 ரூபாத் துணி போகிறது. வெட்டில் வீணாவது 3 ரூபா, நூலும் கரண்டும் 4 ரூபா, பஸ் கூலி 4 ரூபா. எல்லாம் சேர்த்தால் 91 ரூபா. கையில் மிஞ்சுவது 19 ரூபாதான்.

மணிக்கூட்டையும் பார்த்தோம். வெட்டி, தைத்து, நூல் நறுக்கி, அயன் பண்ணி முடிக்க ஒரு பைக்கு 20 நிமிடம். மணித்தியாலத்துக்கு மூன்று பை, 57 ரூபா. எட்டு மணித்தியாலம் தைத்தாலும் 456 ரூபா. மலையில் ஒரு பேருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

இன்னொன்றையும் கண்டோம். 45 அங்குலம் என்று விற்ற துணி, அளந்தால் 44தான். கடைக்காரர் கேட்ட 14 அங்குலப் பைக்குத் தையலோடு 15 வேண்டும். அகலத்தில் இரண்டுதான் வரும், துணிச் செலவு 90 ரூபாவாகிவிடும். பதின்மூன்றரை அங்குலம் என்றால் மூன்று வரும். அந்த அரை அங்குலத்தை முதலிலேயே பேசி முடிக்க வேண்டும்.

கணக்குக் கொப்பியோடு கடைக்காரரிடம் போனோம். 145 ரூபாவுக்குக் குறைந்தால் முடியாது என்றோம். அவர் மறுத்தார். துணியை நீங்களே எடுத்துத் தாருங்கள், தையல்கூலி 60 ரூபா தாருங்கள் என்று கேட்டோம். மொத்தமாக எடுத்தால் அவருக்குத் துணி மலிவு, ஒப்புக்கொண்டார். நூலும் கரண்டும் போக எங்களுக்கு 56 ரூபா, மணித்தியாலத்துக்கு 168.

இரண்டு வாரத்தில் வேண்டும் என்றார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து நாலு பேர் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் தைத்தால் ஒரு நாளைக்கு 24 பைதான். 500க்கு மூன்று வாரம் ஆகும். ஆகவே 250, 250 ஆகக் கொடுப்பது, முதல் 250க்குக் காசு வாங்கிய பிறகே அடுத்ததை வெட்டுவது என்று எழுதி, மாதிரிப் பையோடு கையெழுத்தும் வாங்கினோம்.

சகோதரிகளே, ஓடர் வந்தால் விலை சொல்லுமுன் பத்துப் பை தையுங்கள். கைப்பிடியையும் மணிக்கூட்டையும் கணக்கில் சேருங்கள்.