ஜபத்தில் வந்த குரங்கு
(கிளைக் கூட்டம் ஒன்றில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



"இந்த மருந்தைக் குடிக்கும்போது மட்டும் குரங்கை நினைத்துவிடாதே" என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதுவரை குரங்கையே நினைக்காதவனுக்கு, டம்ளரைக் கையில் எடுத்தாலே குரங்கு வந்து நின்றது. கேட்டுச் சிரித்திருக்கிறோம். எனக்கு அந்தக் குரங்கு ஜபத்தில் வந்தது.

ரிடையர் ஆன பிறகு காலையில் நிதானமாக 108 காயத்ரி பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கண்ணை மூடியதும், சுவாமியைப் பற்றி வாயால் சொல்லக் கூசும்படியான ஓர் அசிங்கமான எண்ணம் வந்தது. பதறிப்போய், அதை உதறிவிட்டு எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இருபதாவதில் மறுபடி வந்தது. மறுபடி முதலிலிருந்து. சில மாதங்களில், கால் மணியில் முடிந்த ஜபம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காபி ஆறிப்போகிறது என்று ஆத்தில் குரல் கொடுப்பாள். கடைசியில் கோவிலுக்குப் போகவே பயந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு பாவமா என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வழியாக மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்ன முதல் விஷயமே பாரத்தைப் பாதி குறைத்தது. ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே விசாரித்து எழுதியிருக்கிறார்களாம். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கும் இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வருகின்றன. அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, அதனால் அது போய்விடுகிறது. நான் அதை எதிர்த்து நின்றேன், அதனால் அதுவும் நின்றது.

ஏன் அப்படி? 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்பவர் ஒரு சோதனை செய்தார். மாணவர்களை ஐந்து நிமிஷம், மனதில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும். சராசரியாக நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே கரடி வந்தது. பிறகு, "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றார். முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

அவர் பின்னால் சொன்ன காரணம் இது. ஓர் எண்ணத்தைத் தடுக்கும்போது மனது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வேறு விஷயத்தைத் தேடிப் பிடிப்பது. இதற்குச் சிரமப்பட வேண்டும். இன்னொன்று, அந்த எண்ணம் வந்துவிட்டதா என்று வாசலில் காவல் காப்பது. இது தானாக நடக்கும். ஆனால் திருடனை அடையாளம் காண, காவல்காரன் அவன் படத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டுமே! களைப்பிலோ கவலையிலோ முதல் வேலை தளர்ந்துவிடும். காவல் மட்டும் நடக்கும். படம்தான் கண்முன் நிற்கும்.

ஆலோசகர் எனக்குச் சொன்ன வழி மிக எளிது, செய்வதுதான் கஷ்டம். எண்ணம் வந்தால் வரட்டும். தெருவில் போகிறவன் மணி அடித்தால் நாம் ஜபத்தை முதலிலிருந்தா ஆரம்பிக்கிறோம்? விட்ட எண்ணிக்கையிலிருந்தே தொடரவேண்டும். பிராயச்சித்தமாக எதுவும் சொல்லக் கூடாது. நான் அதை விரட்ட "ராம ராம" என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் தடுப்பதுதான் என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "சொல்லி முடித்ததும், எண்ணம் போய்விட்டதா என்று எட்டிப் பார்க்கிறீர்களா? பார்த்தால் காவல்காரன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்" என்றார்.

முதல் வாரம் எண்ணம் இன்னும் அதிகமாக வந்தது, நெஞ்சு படபடத்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார். எத்தனை தடவை வந்தது என்று எண்ணாதீர்கள், ஜபம் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். தொண்ணூறு நிமிஷம் ஐம்பதாயிற்று. இரண்டு மாதத்தில் இருபதுக்கு வந்தது. கீதை ஆறாவது அத்தியாயத்தில் பகவானும், மனது எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்து திருப்பிக் கொண்டுவா என்றுதான் சொல்கிறார். அது ஓடும் என்பதை ஒப்புக்கொண்டுதானே அப்படிச் சொல்கிறார்!

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. கட்டாத பில், பெண்ணின் கல்யாணம் போல நாம் ஏதாவது செய்யவேண்டிய கவலையானால், சாயங்காலம் அரைமணி ஒதுக்கி, பேப்பரில் எழுதி யோசிக்கலாம். மற்ற நேரத்தில் வந்தால், "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவது வேறு, தடுப்பது வேறு. எண்ணங்களும் அதற்கான சடங்குகளும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால் அது சிகிச்சை உள்ள நோய். மனநல மருத்துவரிடம் போகவேண்டும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால், அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டிலும் டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

எனக்கு இன்றும் எப்போதாவது அந்த எண்ணம் வருகிறது. இன்று காலைகூட நாற்பத்தி மூன்றில் வந்தது. நாற்பத்தி நான்கு என்று தொடர்ந்தேன். காபி சூடாகவே கிடைத்தது.