வாசிச்சுக் காட்டுங்க, டீச்சர்

கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலை ஐந்து மணிக்கு வெளியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம் என்று ஊருக்கு ஊர் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, காதை மூடிய மப்ளர் என்று பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். அந்த வண்டிகளில் போகிறவர்களில் பலருடைய பிள்ளைகள்தான் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தார்கள். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்துதான் நான் பணி ஓய்வு பெற்றேன்.

இன்று நான் சொல்ல வந்தது பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா முதல் கூட்டத்தில் தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதத்தைப் பற்றி. அவர் பேசியது மூன்று நிமிடம் இருக்கும். ஆனால் என் பணிக்காலத்தில் அதைப் போல ஒரு அறிமுகத்தை நான் கேட்டதில்லை.

முதலில் இந்தக் குழு என்னவென்று ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, மேம்பாட்டுத் திட்டம் போடுவது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது ஆகியவை அதன் வேலைகள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடியும் செய்தார்கள். பெற்றோர் ஒருவர் தலைவர், தலைமையாசிரியர் கூட்டுநர். அதாவது கூட்டத்தைக் கூட்டி, தீர்மானத்தை எழுதி வைக்கிறவர்.

நான் கூட்டுநராக உட்கார்ந்து நிறைய அறிமுகங்களைக் கேட்டிருக்கிறேன். முன்பு வேறொரு பள்ளியில் ஒரு தந்தை உறுப்பினராக வந்தார். எழுந்து நின்றவுடன், "இனிமே வாரத்துல ரெண்டு நாள் வருவேன், எந்த டீச்சர் எத்தனை மணிக்கு வாராங்கன்னு குறிச்சு வைப்பேன்" என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பார்க்கக் குழுவுக்கு உரிமை உண்டு. ஆனால் அதுவே முதல் வார்த்தையாக வந்ததில் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவர் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. எந்த வகுப்பில் கூரை ஒழுகுகிறது, எந்தப் பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை என்று யாரும் தானாக அவரிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவர் வருவதும் நின்றது. பதிவேட்டை அவர் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். கூட்டத்துக்கு வராதவரின் கையெழுத்து இப்படி வீடு தேடிப் போய் வாங்கப்படுகிறது என்றால் அந்தக் குழு செத்துவிட்டது என்று பொருள். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது நம் அம்மாவுக்கு வருவோம். அது 2024-இல் புதுக் குழு அமைந்த பிறகு நடந்த முதல் கூட்டம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். சிலர் ஊரில் தங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று சொன்னார்கள், ஒருவர் தனக்கு யார் யாரைத் தெரியும் என்று சொன்னார். இவர் முறை வந்தது. சேலை முந்தானையைப் பிடித்தபடி எழுந்தார். கிட்டத்தட்ட அவருடைய வார்த்தைகளிலேயே சொல்கிறேன்:

"எம் பொண்ணு ஏழாவது படிக்குது. நான் மலைக்குக் காய் எடுக்கப் போறேன். இன்னைக்குப் போகல, கூலி போச்சு. மத்த நாள் சாயந்திரம் ஆறரைக்கு மேல வீட்டுல இருப்பேன், யாரு வேணா வரலாம். எம் புள்ள பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்க மாட்டேங்குது. ஏன்னு கேட்டேன். கக்கூஸ் கதவுல தாழ்ப்பாள் இல்லையாம், ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு கதவப் பிடிக்கணுமாம். டீச்சர்மாருகளும் அதே மாதிரிதான் போறாங்கன்னு சொல்லுச்சு. அதுனால இது யாரு தப்புன்னு சொல்ல வரல. அடுத்த கூட்டத்துக்குள்ள அந்தத் தாழ்ப்பாளை மட்டும் பார்ப்போம்."

பிறகு என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு. நான் அஞ்சாவதுதான் படிச்சேன். தீர்மானம் எழுதினதும் ஒருதடவை வாசிச்சுக் காட்டுங்க, டீச்சர். கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பவில்லையோ என்று தோன்றியது. ஆனால் பெற்றோர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பிற்பாடு புரிந்தது. குழுவில் வருகிற பெற்றோரைப் பற்றி மற்ற பெற்றோருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும், இவர் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்ட ஆளோ என்று. எல்லார் முன்னும் அப்படிக் கேட்டதில் அந்தச் சந்தேகம் போனது. "யாரு தப்புன்னு சொல்ல வரல" என்றபோது, பெண் ஆசிரியர்களுடைய கஷ்டமும் அதே கதவுதான் என்று சபையில் சொன்ன முதல் ஆளாக அவர் இருந்தார். எங்கள் ஆசிரியைகள் அதை என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அவர் கேட்டது குழுவால் செய்ய முடிந்த காரியம். ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றுவது குழுவின் கையில் இல்லை. காலிப் பணியிடத்தில் தற்காலிகமாக ஒருவரை வைக்கும் வேலை 2022-இல் குழுக்களிடம் கொடுக்கப்பட்டது உண்டு, ஆனால் நிரந்தர ஆசிரியருடைய நியமனமோ இடமாற்றமோ துறையின் வேலை. இது தெரியாமல், "அந்த சாரை மாத்திக் காட்டுறேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அந்த வாக்கு அவர்களையே தின்றுவிடும். தாழ்ப்பாள் அப்படியல்ல.

அன்றே தீர்மானம் எழுதினோம். நான் வாசித்தேன். நான்கு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் என்று அவர் திருத்தினார், நான் நான்கு என்று எழுதியிருந்தேன். ஒரு கதவில் பழைய தாழ்ப்பாள் இருந்ததை அவர் மகள் சொல்லித் தெரிந்து வைத்திருந்தார். பள்ளி மானியத்திலிருந்து மூன்று தாழ்ப்பாள் வாங்கினோம், ஒன்று 90 ரூபாய், மொத்தம் 270. வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு தந்தை கூலி வேண்டாமென்று வந்தார். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "டீச்சர், இது தகரக் கதவு. ஸ்குரூ போட்டா ஈரத்துல துருப்பிடிச்சு ரெண்டு மாசத்துல கையோட வந்துரும். முன்ன போட்டதும் அப்படித்தான் போயிருக்கும். நட்டு போல்ட்டு போட்டு பின்னாடி பட்டி வச்சுத் தாரேன்." வருடா வருடம் தாழ்ப்பாள் வாங்கிய கணக்கு எங்கள் பதிவேட்டில் இருந்ததன் காரணம் அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் உடைக்கிறார்கள் என்று நாங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை, காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாள் சாயந்திரம் பள்ளிக்கு வந்து, பில்லை ஒட்டிய பக்கத்தைப் பார்த்து, "நாளைக்குக் கூட்டம் ஆரம்பிச்சதும் இதத்தான் மொதல்ல வாசிக்கணும், நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தேன்.

கூட்டத்துக்கு வர முடியாத தாய்மார்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். மாலை மூன்று மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இவர் அதற்கு ஒரு வழி செய்தார். ஜீப் நிற்குமிடத்தில், வண்டி கிளம்பும் முன், "நான் பள்ளிக்கூடக் குழுவுல இருக்கேன், நம்ம புள்ளைகளுக்கு என்ன சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டே வருவாராம். அன்று சபையில் செய்த அதே அறிமுகம்தான், கூடவே தாழ்ப்பாள் கதையும் சேர்ந்திருந்தது. ஒரு பெண் சத்துணவில் முட்டை கொடுக்காத நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் தன் பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுகிறான், அதை வாத்தியாரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இவர் அந்தப் பையன் பேரைச் சபையில் எடுக்கவில்லை. என்னிடம் தனியாக வந்து சொன்னார். எதைத் தீர்மானமாக்க வேண்டும், எதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலாவது கூட்டத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியர், பொதுவாகக் கூட்டத்தில் பேசவே மாட்டார், எழுந்து நின்றார். தன் வகுப்பில் மூன்று பிள்ளைகள் காய் எடுப்புக் காலத்தில் பெற்றோரோடு மலைக்குப் போய்விட்டார்கள், போன் எடுப்பதில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொன்னார். வழக்கமாக இதை நாங்கள் வருகைப் பதிவேட்டோடு முடித்துவிடுவோம். பேசி முடித்ததும் அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தத் தோட்டத்துப் பக்கம் போற ஜீப் எது?" என்று கேட்டார்.

அந்த அம்மா மூன்று தோட்டத்தின் பேரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் நானே வாசித்துக் காட்டினேன்.