படித்தலா, ஒப்பித்தலா?



என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் தமிழ்ப் பாடத்தை ஒரு சொல்லும் பிசகாமல் படிப்பான். ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு வரியைச் சுட்டிப் படிக்கச் சொன்னேன், திகைத்து நின்றான். அதுகாறும் அவன் செய்தது படித்தலன்று, செவிவழிக் கேட்டதை ஒப்பித்தல். 'கொடி' என்பதைக் 'கெடி' என்றான். 'தோணி' 'தேணி' ஆயிற்று. பத்து முறை எழுதப் பணித்தேன். பார்த்து அழகாக எழுதினான். மறுநாளும் 'கெடி' என்றே படித்தான். அது சோம்பலன்று, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு எனப் பிற்பாடே அறிந்தேன்.

இஃது அறிவுக்குறையன்று. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அவற்றை உரிய எழுத்துகளோடு விரைந்து இணைப்பதில் நேரும் இடர்ப்பாடு. இரண்டாம் வகுப்பிலேயே மூன்று எளிய சோதனைகளால் இதனை ஐயுறலாம். 'கடலை' என்பதில் 'ட'வை நீக்கினால் என்ன எஞ்சும் என்று வாய்மொழியாகக் கேட்கலாம். 'தோபிகு', 'மெலசு' எனப் பொருளற்ற சொற்களைப் படிக்கச் செய்யலாம். இவற்றை எவரும் மனப்பாடம் செய்திருக்க இயலாது. புதிய பத்தி ஒன்றை ஒரு நிமிடம் படிக்கவிட்டு, சரியாகப் படித்த சொற்களை எண்ணி, வகுப்பின் ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடலாம். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்வதால், பிழை குறைந்த பின்னும் வேகக்குறைவு எஞ்சி நிற்கும். ஆயினும் இவை ஐயத்திற்கான குறிகளே, முடிவல்ல. பார்வை, செவிப்புலன், பள்ளிக்கு வராத நாள்கள் ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

பயன் தருவது எது? எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, வெளிப்படையாகக் கற்பித்தல். 'கொ'வில் ஒரே உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. சிறுவன் முதற்குறியை மட்டும் கண்டு 'கெ' என்றான். ஆகவே 'கெ', 'கா', 'கொ' மூன்றையும் அட்டைகளில் அடுத்தடுத்து வைத்து, க் + ஒ = கொ என்று ஒலித்துக் காட்டினேன். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாவதை நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த நெறியே இங்குக் கைகொடுத்தது. பின்னர் கொடி, கொசு, பொடி, தொடு எனப் படித்தல். அவற்றையே சொல்லக் கேட்டு எழுதுதல். கற்ற எழுத்துகளால் மட்டும் அமைந்த சிறு தொடர்களைத் திரும்பத் திரும்பப் படித்தல். நாள்தோறும் அரைமணி நேரம், மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மேற்படாத குழுவாக இது நடைபெற வேண்டும். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் வாசிப்பை வளர்ப்பதற்குத் தக்க சான்றில்லை. பார்த்தெழுதுதல் பயன்படாமையை நானே கண்டேன்.

வாரந்தோறும் புதிய சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். பழைய பாடம் நம்மை ஏமாற்றும். மூன்று திங்களில் முன்னேற்றம் இல்லையேல் வல்லுநரை நாடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுள்ளது. தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரம் உதவும். ஆனால் அது படிக்கக் கற்பிக்காது.

அச்சிறுவன் ஆண்டிறுதியில் புதிய பக்கத்தை மெல்லப் படித்தான். வேகம் வரவில்லை, ஆனால் 'கொடி' கொடியாகவே இருந்தது. இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் அவன் பாராத ஒரு பக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.